கடைக்கு ஒரு வயது: முதல் வாடிக்கையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மதினி பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறார். கடைக்கு ஒரு வருஷம் நிறைந்தபோது, தொடக்கத்திலிருந்து விடாமல் வந்தவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை எழுத நானும் கூட உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தைப் பார்த்த மற்றக் கடைக்காரர்கள் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் அந்தச் செக்குக் கடையிலிருந்து வந்தவை. மாவுக் கடை, தையல் கடை, ஸ்டேஷனரி என்று எந்தச் சின்னக் கடைக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

ஒரு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்துபோகிறார்கள். இதில் யாருக்கு எழுதுவது?

எல்லோருக்கும் எழுத வேண்டாம். எல்லோருக்கும் எழுதினால் அது நோட்டீஸ் ஆகிவிடும். நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: கடை திறந்த முதல் மூன்று மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும், அதற்கப்புறமும் நிறுத்தாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எண்ணெய்க் கடைக்கு வீட்டுக்காரர்கள் மாதம் ஒருமுறைதான் வருவார்கள். அதனால் பன்னிரண்டு மாதத்தில் எட்டு மாதமாவது வந்தவர் என்றால் விடாமல் வந்தவர். மாவுக் கடை என்றால் வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். தையல் கடை என்றால் தீபாவளிக்கும் பள்ளி திறப்புக்கும் மறுபடி வந்தாரா என்று பார்த்தால் போதும்.

எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்யாணத்துக்கு ஒரே தடவையில் நாலு டின் வாங்கிப் போனவர் நல்ல வியாபாரம் கொடுத்தவர், சந்தேகமில்லை. ஆனால் கடை நிற்குமா நிற்காதா என்று தெரியாத நாளில் அரை லிட்டர் வாங்கி, அடுத்த மாதமும் வந்து அரை லிட்டர் வாங்கியவருக்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கணக்கில் சேராத இரண்டு வகை ஆட்களையும் நான் சேர்த்துக்கொள்வேன். தான் அதிகம் வாங்காவிட்டாலும் நாலு பேரைக் கூட்டிவந்தவர் ஒருவர். குறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் வந்தவர் இன்னொருவர். இப்படிப் பார்த்து மதினி கடைக்கு 34 பேர் தேறினார்கள். சின்னக் கடைக்கு முப்பது, நாற்பது பேர் என்பது சரியான அளவு. அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிடும்.

என்னிடம் பற்று நோட்டும் ஜிபேயும்தான் இருக்கின்றன. யார் முதலில் வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யுபிஐ வரவை முதல் மாதத்திலிருந்து ஒரு தடவை கீழே வரை பார்த்துக்கொண்டே வாருங்கள். ஃபோனில் பார்த்தால் கண் வலிக்கும், வங்கிக் கணக்கு விவரத்தைத் தேதி போட்டு எடுத்துத் தாளில் அச்செடுத்தால் சுலபம். திரும்பத் திரும்ப வரும் பெயரைப் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கட்டுகிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள். அம்மா கடையில் நிற்பார், பெங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவார். கணக்கில் மகன் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்கு உறை எழுதிக் கொடுத்தால், மாதாமாதம் வெயிலில் நடந்து வந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால் சுழித்த ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், கடைக்கு நேரில் வருகிறவர் யார் என்று எழுதுங்கள்.

ரொக்கம் கொடுக்கிறவர்கள் எதிலும் அகப்பட மாட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்தான் அப்படி. அவர்களுக்கு இருக்கும் ஒரே பதிவு கடையில் வேலை செய்பவர்களின் ஞாபகம். செக்கு ஓட்டுகிறவர், பாட்டில் நிரப்புகிறவர், டெலிவரிக்குப் போகும் பையன் என்று எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். மதினி மறந்துபோன ஆறு பேரைச் செக்கு ஓட்டும் அண்ணன்தான் சொன்னார். அதில் ஒரு வீட்டுக்கு வாடிக்கையாக வருவது ஏழாவது படிக்கும் ஒரு பையன். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினோம்.

பட்டியல் முடிந்ததும், ஒரு மாதமாகக் கண்ணில் படாதவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுங்கள். இறந்துபோனவர் பெயருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் அது தாங்காது.

“தங்கள் பேராதரவுக்கு நன்றி, மென்மேலும் ஆதரவு தருக” என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்த வரியைத் தீபாவளி காலண்டரில் பார்த்திருக்கிறார்கள், ஜவுளிக்கடை பையில் பார்த்திருக்கிறார்கள். கண் அதில் நிற்காது. கடையின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்துப் பாருங்கள். எந்தக் கடையும் இதை அனுப்பியிருக்கலாம் என்று தோன்றினால் திரும்ப எழுத வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை மறைத்துக்கொண்டு இன்னொரு தடவை படியுங்கள். இது யாருக்கும் பொருந்தும் என்று தோன்றினால் இன்னும் முடியவில்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை மூன்றுதான். கடை தொடங்கிய நாட்கள் எப்படி இருந்தன என்று இரண்டு வரி. இந்த ஆள் செய்த எந்தக் காரியம் கடைக்கு உதவியது, அதனால் கடையில் என்ன மாறியது என்று இரண்டு மூன்று வரி. இனியும் எதை விடாமல் செய்வோம் என்று ஒரு வரி. இதில் நடுவில் இருப்பதுதான் கடிதமே. மற்றவை அதைத் தாங்குவதற்காக இருப்பவை.

அப்புறம், அடுத்த வருஷத் திட்டம், புதுக் கிளை, புதுப் பொருள் எதையும் இதில் சொல்லாதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

முழுக் கடிதம் ஒன்றைக் காட்டினால் நன்றாக இருக்கும்.

மதினி கொடுத்த கடிதம் இது. பொதுவான பகுதி அச்சிட்டது. பெயரும் நடுவில் உள்ள வரிகளும் அவர் கைப்பட எழுதியவை.

> பாளையங்கோட்டை
>
> அன்புள்ள .................... அவர்களுக்கு,
>
> வணக்கம். நம் செக்குக் கடை திறந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. முதல் வாரங்களில் செக்கு ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். எண்ணெய் வாங்கியவர்கள் கொஞ்சப் பேர். வாங்கி, மறுமாதமும் வந்தவர்கள் அதிலும் கொஞ்சம். அவர்களில் நீங்கள் ஒருவர்.
>
> (கையால் எழுத மூன்று வரி இடம்)
>
> பாக்கெட் எண்ணெயைவிட நம் எண்ணெய் விலை கூட. கடலை விலை ஏறியபோது நாங்களும் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போதும் நீங்கள் வந்தீர்கள். அந்த மாதங்களில் கடை நடந்தது உங்களைப் போன்றவர்களால்தான்.
>
> இனியும் கடலையையும் எள்ளையும் நாங்களே பார்த்து வாங்கி, சொத்தை பொறுக்கி, காயவைத்துத்தான் ஆட்டுவோம். எண்ணெயில் எந்தக் குறை தெரிந்தாலும் முன்போலவே நேரில் வந்து சொல்லுங்கள்.
>
> மிக்க நன்றி.
>
> இப்படிக்கு,
> (கடைக்காரர், செக்கு ஓட்டுகிறவர், பாட்டில் நிரப்புகிறவர் மூவரின் கையெழுத்து)

விலை ஏறியதைச் சொல்ல வேண்டுமா என்று மதினி முதலில் தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். வாடிக்கையாளருக்கு அந்த வருஷத்தில் நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான். அதைத் தொடாமல் எழுதிய நன்றியை அவர் மனம் ஏற்காது. அதே நேரம் கடலை விலை மூட்டைக்கு எவ்வளவு ஏறியது, கூலி எவ்வளவு ஏறியது என்று கணக்கு ஒப்பிக்கவும் கூடாது. ஏறியது, அப்போதும் வந்தீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டது செக்கு ஓட்டும் அண்ணனின் யோசனை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பேசுவது அவரிடம்தான், அதனால் அது நியாயமும்கூட.

முப்பது நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுத என்ன விஷயம் இருக்கும்? எல்லோரும் வருகிறார்கள், வாங்குகிறார்கள், போகிறார்கள்.

எல்லோரும் சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான், ஆனால் உட்கார்ந்து யோசித்தால் விஷயம் வந்துகொண்டே இருக்கும். “இவர் சொல்லி நாங்கள் எதை மாற்றினோம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருஷத்தில் ஒரு கடையில் மாறுவதெல்லாம் பெரும்பாலும் யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் மாறியிருக்கும்.

ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். பாட்டில் லேபிளில் தேதி பொடி எழுத்தில் இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. “என்றைக்கு ஆட்டியது என்று தெரியாமல் எப்படிம்மா வாங்குவது?” என்று கேட்டார். மறுநாளே ஆட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் மூடி மேல் பெரிதாக எழுத ஆரம்பித்தார் மதினி. டீச்சருக்கு எழுதிய வரி: “டீச்சர், நீங்கள் கேட்ட பிறகுதான் ஆட்டிய தேதியை மூடியில் பெரிதாக எழுதுகிறோம். இப்போது எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.”

மெஸ் நடத்தும் ஒரு அண்ணாச்சி. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை உடனே பாட்டிலில் ஊற்றக் கூடாது. சில நாள் அசையாமல் வைத்தால் கசண்டு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். ஈரமும் கசண்டும் தங்கிய எண்ணெயைச் சட்டியில் காயவைத்தால் நுரைத்துப் பொங்கும். தொடக்கத்தில் கேட்பவர்கள் கூடியதால் இரண்டே நாளில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி வடை போடும்போது எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். அவருக்கு எழுதியது: “அண்ணாச்சி, அன்றைக்கு நீங்கள் கேனோடு வராமல் வேறு கடைக்குப் போயிருந்தால் எங்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு முழுசாகத் தெளியாமல் ஒரு பாட்டிலும் நிரப்புவதில்லை.”

தனியாக வசிக்கும் ஒரு ஆச்சி. “ஒத்த ஆளுக்கு லிட்டர் எண்ணெய் எதுக்குத் தாயி? தீர்றதுக்குள்ள சிக்கு வாடை அடிக்குது” என்றார். 200 மில்லி பாட்டில் கடைக்கு வந்தது அவரால்தான். அதையே எழுதினோம்.

இப்படி எதுவும் சொல்லாமல் அமைதியாக வாங்கிப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அவர்களின் வாடிக்கையையே எழுதுங்கள். “மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய், அரை லிட்டர் நல்லெண்ணெய். நீங்கள் வந்துபோன பிறகுதான் எங்களுக்கு மாதம் பிறந்த மாதிரி இருக்கிறது.” இந்த வரியைப் படித்தவர், தான் என்ன வாங்குகிறோம் என்பதை இவர்கள் கவனித்திருக்கிறார்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கடையில் காதில் விழுந்த வீட்டு விஷயம் எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. சாருக்கு சுகர், மகளுக்கு வரன் பார்ப்பது, மருமகளோடு மனஸ்தாபம் எல்லாம் அன்பாகக் கேட்கப் போய் எழுத்தில் வந்துவிட்டால், உறையைப் பிரிப்பவர் வேறொருவராக இருக்கும்போது வினையாகிவிடும்.

கடையில் அக்கா, ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். கடிதத்தில் திருமதி என்று போட வேண்டுமா?

உறையின் மேல் முறையான பெயர், உள்ளே நீங்கள் வாயால் கூப்பிடும் முறை. உறையில் “திருமதி” போட்டு முழுப் பெயர் எழுதுங்கள். உள்ளே கையால் எழுதும் வரியை “ஆச்சி”, “டீச்சர்”, “அண்ணாச்சி”, “பாய்” என்று தொடங்குங்கள். வருஷம் முழுக்க அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, கடிதத்துக்குள் “தாங்கள்”, “தங்கள்” என்று எழுதினால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். “நீங்கள்” போதும்.

பெயரின் எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் லட்சுமி என்றும் எழுதுவார்கள், லெட்சுமி என்றும் எழுதுவார்கள். தன் பெயரை லெட்சுமி என்று எழுதும் அம்மாவுக்கு லட்சுமி என்று போனால் அது வேறு யாருடைய பெயரோதான். தலைப்பெழுத்து தெரியாவிட்டால் ஊகித்துப் போடாமல் விட்டுவிடலாம்.

கூடவே பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வைக்கலாமா?

வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கூப்பன் இருந்தால் படிப்பவர் கண் முதலில் சதவீதத்துக்குப் போகும், அப்புறம் கடைசித் தேதிக்குப் போகும். நீங்கள் பேனாவால் எழுதிய மூன்று வரி கூப்பனைச் சுற்றிய காகிதமாகிவிடும். அதோடு, இத்தனை நாள் முழு விலை கொடுத்து வாங்கியவர் மனதில், இவ்வளவு குறைத்துக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியும் எழும்.

ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால் உங்கள் கடைப் பொருளிலேயே கொஞ்சம் கையில் கொடுங்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். மதினி 100 மில்லி நல்லெண்ணெய் கொடுத்தார். எள்ளை ஆட்டும்போது உடன்குடிக் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெய் அது. கடிதம் கொடுத்து, அவர்கள் அதை வாங்கிக்கொண்ட பிறகு, “இதையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்தார், அவ்வளவுதான். இனிப்புப் பெட்டியை நான் சொல்ல மாட்டேன். நம் முதல் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், இனிப்பு அவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைக்குப் போய்விடும்.

எங்கள் எண்ணெய் இதயத்துக்கு நல்லது, கொழுப்பைக் குறைக்கும் என்று நாலு வரி சேர்க்கலாமே?

நன்றிக் கடிதத்தில் அதற்கு இடமில்லை, சட்டத்திலும் சிக்கல் இருக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்ற மாதிரியான உரிமைகோரல்களை உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் வருஷ விளம்பர விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. கடைப் பெயரோடு பலருக்குக் கொடுக்கும் கடிதத்தையும் விளம்பரமாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்: காயவைக்கிறோம், சொத்தை பொறுக்குகிறோம், தெளியவைக்கிறோம். அது உண்மை, யாரும் கேள்வி கேட்க முடியாது.

அச்சடிப்பதா, முழுக்கக் கையால் எழுதுவதா? என்ன தாள் வாங்குவது?

முப்பது பேருக்கு முழுக் கடிதத்தையும் கையால் எழுதினால், பத்தாவது கடிதத்துக்கு மேல் எழுத்து கோணும், கடைசியில் இருப்பவர்களுக்கு அவசரக் கையெழுத்துதான் கிடைக்கும். பொதுவான பகுதியை அச்சிட்டு, பெயரையும் மூன்று வரியையும் கையால் எழுதுவது நல்லது. பெயரை மட்டும் எக்காரணத்துக்காகவும் அச்சிடாதீர்கள்.

ஏ4 தாளில் பாதி, அதாவது ஏ5 அளவு போதும். ஒரே பக்கத்தில் முடியட்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் இருக்கும், பேனா மை பின்பக்கம் தெரியும். 100 ஜிஎஸ்எம் வெள்ளை அல்லது லேசான சந்தன நிறத் தாள் கேளுங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம், அதில் மை சீக்கிரம் காயாமல் கை பட்டு இழுபடும். கடையில் எண்ணெய்க் கையோடு தொடுவோம் என்பதால் மதினி எழுதியதெல்லாம் வீட்டில் வைத்துத்தான்.

எழுத்தின் அளவு 13, 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. இவ்வளவு குறைந்த பிரதிக்கு ஆஃப்செட் அச்சு கட்டுப்படியாகாது. டிடிபி சென்டரில் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் யூனிகோடில் தட்டிய கடிதத்தை அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. முதல் பிரதியை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செலவே இல்லையே?

செலவில்லைதான். ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவது, உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். போகாதது யாருக்கு என்று நீங்கள் கவனிக்காமலே விட்டுவிடுவீர்கள். ஒருவருக்கு அனுப்பியதை அப்படியே மற்றவர்களுக்குத் தள்ளினால், ஃபார்வர்டு செய்தது என்ற குறி மேலே நிற்கும். அதற்குப் பிறகு தனிப்பட்ட நன்றி என்று எப்படிச் சொல்வது?

வெளியூர் போய்விட்டவர்களுக்கும், படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் வாட்ஸ்அப் வேறு விதத்தில் உதவும். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அதே மூன்று வரியை உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடியட்டும். எழுத்து தெரியாத ஆச்சிக்குக் கடிதத்தைவிட அதுதான் மேல். பேத்தியிடம் மறுபடி போடச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

கையில் கொடுப்பதா, தபாலில் அனுப்புவதா?

கடைக்கு வருகிறவருக்குக் கையில். கூட்டம் இருக்கும்போது கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் எனக்கு எங்கே என்று கேட்பார், வாங்குகிறவருக்கும் கூச்சமாகிவிடும். மாதத்தின் முதல் வாரம் எண்ணெய்க் கடையில் நெருக்கடியான நேரம். அதனால் மதினி அருகில் இருந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே போய்க் கொடுத்தார். உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், நேரம் ஆனது. ஆனால் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. எண்ணெயை எந்த அலமாரியில் வைக்கிறார்கள், எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள், எது மிச்சமாகிறது என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தால் தெரியாது.

உறையைப் பிரிக்கும்வரை எதிரில் நிற்காதீர்கள். கொடுத்துவிட்டு வேறு பேச்சு பேசிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தபாலும் நல்லதுதான். 100 ஜிஎஸ்எம் ஏ5 தாளின் எடை சுமார் 3 கிராம், உறையோடு சேர்த்தாலும் சாதாரணக் கடிதத்தின் முதல் எடை வரம்பான 20 கிராமைத் தொடாது. பின்கோடு எழுதுங்கள், ஆண்டு நிறைவு நாளுக்கு ஒரு வாரம் முன்பே போடுங்கள். கூரியரில் அனுப்பினால் வீட்டில் ஆள் இல்லாதபோது ஃபோன் வரும், என்னவோ ஏதோ என்று பதறுவார்கள்.

பாக்கி வைத்திருப்பவருக்கும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பற்று வைத்து வாங்கியவர் விடாமல் வந்தவர்தானே. ஆனால் கடிதத்தில் பாக்கியைப் பற்றி ஒரு குறிப்பும் இருக்கக் கூடாது, கடிதம் கொடுத்த அதே வாரத்தில் பாக்கியைக் கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்டால் கடிதமே அதற்கான முன்னோட்டம் என்று நினைப்பார். கேட்க வேண்டிய நிலை இருந்தால் பதினைந்து நாள் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றாக வந்துகொண்டிருந்தார்கள், இப்போது வருவதில்லை. அவர்களுக்கு?

முதல் மூன்று மாதம் கை கொடுத்தவர் என்றால் எழுதுங்கள். ஆனால் அச்சிட்ட கடிதம் அவருக்குச் சரிப்படாது, ஏனென்றால் அதில் “அப்போதும் வந்தீர்கள்” என்று இருக்கிறது. அவருக்குத் தனியாக நாலே வரி: கடை திறந்த புதிதில் நீங்கள் வாங்கியது எங்களுக்குப் பெரிய தைரியமாக இருந்தது, கடைக்கு ஒரு வருஷம் ஆகிறது, உங்களை நினைத்துக்கொண்டோம், நன்றி. ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், மறுபடி வாருங்கள் என்றும் எழுதாதீர்கள். இடம் மாறியிருப்பார், வீட்டில் செலவு கூடியிருக்கும், டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவரை வைக்கக் கூடாது.

கிடைக்காதவர் வந்து, “எனக்கு இல்லையா?” என்று கேட்டால்?

“ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு எழுதியது அக்கா, நீங்கள் நடுவில் வந்தவர்கள்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையிலேயே நீங்கள் மறந்துபோன பழைய ஆள் என்றால், மறந்துவிட்டது என்று சொல்லி அன்று இரவே எழுதி மறுநாள் கொடுங்கள். இதற்காக நாலைந்து அச்சுப் பிரதியைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். மற்ற எல்லோருக்கும் கடை வாசலில் கரும்பலகையில் ஒரு நன்றி எழுதிவிட்டால் போதும்.

மேலே பிள்ளையார் சுழியோ சாமி படமோ போடலாமா?

சுழி போடுவது உங்கள் பழக்கம் என்றால் போடுங்கள், கடிதம் உங்களுடையது. படம் வேண்டாம். சாமி படம் போட்ட தாளைக் கிழிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது, எங்காவது காலில் மிதிபடுமோ என்ற பயம் வேறு. பாளையங்கோட்டையில் நம் வாடிக்கையாளர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

எப்போது எழுத உட்கார வேண்டும்?

ஆண்டு நிறைவுக்கு ஒரு மாதம் முன்பு. பட்டியல் எடுக்கவே ஒரு வாரம் ஆகும், ஏனென்றால் எல்லோரும் வேலை முடிந்துதான் உட்கார முடியும். மூன்று வரிகளை முதலில் பழைய நோட்டில் பென்சிலால் எழுதிப் பார்த்து, ஒரு நாள் ஆறப்போட்டு, அப்புறம் தாளில் ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு கடிதத்துக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் வருஷத்துக்கு இப்போதே பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். யாராவது ஒரு குறையோ யோசனையோ சொன்னால், தேதி போட்டு அவர் பெயரோடு அங்கே எழுதி வையுங்கள். மதினியின் நோட்டில் அந்தப் பக்கத்தில் முதலில் இருப்பது: “மெஸ் அண்ணாச்சி, கேன் மூடி கசிகிறது, உள்ளே ரப்பர் வைத்த மூடி பார்க்கவும்.”